டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு எதைக் கவனிக்க வேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, 32 கிலோ. ஞாயிறு சாயங்காலம் காய்ச்சல் ஆரம்பித்தது, 103 வரை போனது. கார்டு டெஸ்டில் டெங்கு என்று வந்தது. இன்று புதன், காலையிலிருந்து காய்ச்சல் இல்லை, ஆனால் படுத்தே கிடக்கிறாள். பிளேட்லெட் 1,12,000. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நேற்று டாக்டர் சொன்னார், பக்கத்து வீட்டில் உடனே அட்மிட் பண்ணுங்கள் என்கிறார்கள். எந்த நாள் ஆபத்து? எதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

பதில்:

உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது பிளேட்லெட் எண் இல்லை, "படுத்தே கிடக்கிறாள்" என்பதுதான். காய்ச்சல் விட்டதும் பிள்ளை எழுந்து உட்கார வேண்டும், ஏதாவது சாப்பிடக் கேட்க வேண்டும். காய்ச்சலும் இல்லை, தெம்பும் இல்லை என்றால் இன்றைக்கே, இருட்டுவதற்குள், பக்கத்தில் இருக்கும் ஜி.எச்.சிலோ குழந்தை டாக்டரிடமோ கூட்டிப்போய் இரண்டே இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள்: பிரஷர், அப்புறம் ரத்தப் பரிசோதனையில் ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் பி.சி.வி. இரண்டும் சரியாக இருந்து அவளும் குடிக்கிறாள், சிறுநீர் போகிறாள் என்றால் வீட்டிலேயே பார்க்கலாம், தினமும் பரிசோதனையோடு. நேற்று டாக்டர் சொன்னது தப்பு என்று சொல்ல மாட்டேன். நேற்று மூன்றாம் நாள், இன்று நான்காம் நாள், டெங்குவில் இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் கதையே மாறும்.

நாட்களை எப்படி எண்ணுவது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வார்டுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் டாக்டரிடம் போன நாளையோ டெஸ்ட் எடுத்த நாளையோ முதல் நாள் என்று சொல்கிறார்கள். காய்ச்சல் எந்த நாள் ஆரம்பித்ததோ அதுதான் முதல் நாள், அது சாயங்காலமாக இருந்தாலும் சரி. உங்கள் மகளுக்கு ஞாயிறு ஒன்று, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று, இன்று நான்கு. ஒரு தாளில் நாளையும் ஒவ்வொரு முறை பார்த்த காய்ச்சல் அளவையும் எழுதி வையுங்கள், எந்த டாக்டரும் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

முதல் இரண்டு மூன்று நாள் டெங்கு வேறு எந்த வைரஸ் காய்ச்சலையும் போலத்தான் இருக்கும். திடீரென்று 103, 104 என்று ஏறும், கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பும் மூட்டும் முறித்துப்போட்ட மாதிரி வலி, முகம் சிவந்து கிடக்கும், மாத்திரை போட்டால் கொஞ்சம் இறங்கி ஆறு மணி நேரத்தில் மறுபடி ஏறும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் இந்தக் கட்டத்தில் உயிருக்கு ஆபத்து வருவது குறைவு. தண்ணீர் குடிக்காமல் உடம்பு வற்றுவதும், சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வேகத்தில் வலிப்பு வருவதும்தான் இங்கே பிரச்சினை. பெரும்பாலும் நான்காம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் (சிலருக்கு மூன்றிலேயே, சிலருக்கு ஏழு வரை) காய்ச்சல் தானாக இறங்கும். வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விடுவார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் டெங்குவின் ஆபத்தான 24 முதல் 48 மணி நேரம் தொடங்குகிறது.

காரணம் இதுதான். டெங்குவில் உயிரை எடுப்பது காய்ச்சல் கிடையாது, ரத்தக்குழாய்களின் சுவர் இளகிப்போவது. ரத்தத்தில் சிவப்பணுக்கள் போக மீதியிருக்கும் நீர்ப்பகுதி, அதாவது பிளாஸ்மா, மண்பானையில் தண்ணீர் கசிவது போல வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் கசிந்துவிடும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாது. உள்ளே குழாய்க்குள் ஓட வேண்டிய அளவு குறைகிறது, மிச்சமிருக்கும் ரத்தம் கெட்டியாகிறது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, பெரும்பாலானவர்கள் கசிவே இல்லாமலோ, லேசான கசிவோடோ தேறிவிடுவார்கள். யாருக்குக் கசியும் என்று முதல் நாளே சொல்லவும் முடியாது. முன்பு வேறு வகை டெங்கு வந்தவர்களுக்கு இரண்டாவது முறை வரும்போது வாய்ப்பு கூடுதல் என்று தெரியும், ஆனால் முதல் முறை வந்ததே பலருக்குத் தெரியாமல் சாதாரணக் காய்ச்சலாகப் போயிருக்கும்.

காய்ச்சல் உண்மையிலேயே விட்டதா என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. பாரசிட்டமால் போட்டு இரண்டு மணி நேரத்தில் 99 காட்டினால் அது மாத்திரையின் வேலை. மாத்திரை போட்டு ஆறு எட்டு மணி நேரம் தாண்டியும் 100க்குக் கீழேயே நிற்கிறது என்றால் விட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மணியைக் குறித்து வையுங்கள். சிலருக்கு ஒரு நாள் விட்டு மறுபடி 101 அடிக்கும், அதுவும் டெங்குவில் நடப்பதுதான். இன்னும் சிலருக்குக் காய்ச்சல் இருக்கும்போதே கசிவு தொடங்கிவிடும், ஆகவே தெர்மாமீட்டரை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

இனி எதைப் பார்ப்பது? உலக சுகாதார நிறுவனம் 2009ல் எச்சரிக்கை அறிகுறிகள் என்று ஒரு பட்டியல் கொடுத்தது, இன்றும் வார்டுகளில் அதைத்தான் பின்பற்றுகிறோம். அதில் வீட்டில் இருப்பவர்கள் கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

வயிற்று வலி முதலாவது. மாத்திரை சாப்பிட்டதால் வரும் எரிச்சலைச் சொல்லவில்லை. விடாமல் இருக்கும் வலி, குறிப்பாக வலது விலாவுக்குக் கீழே கை வைத்து லேசாக அழுத்தினாலே பிள்ளை கையைத் தட்டிவிடும் வலி. கல்லீரல் வீங்குவதாலும், உள்ளே நீர் கோப்பதாலும் வருவது. "கேஸாக இருக்கும், ஓமத் தண்ணி கொடுத்தோம்" என்று இந்த அறிகுறியைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள்.

அடுத்து வாந்தி. முதல் நாள் காய்ச்சல் வேகத்தில் ஒரு முறை எடுப்பது வேறு. ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ எடுக்கிறாள், குடித்ததெல்லாம் வெளியே வருகிறது என்றால் அது இரண்டு விதத்தில் பிரச்சினை: அதுவே எச்சரிக்கை, கூடவே வீட்டு வைத்தியமாகிய தண்ணீரும் உள்ளே நிற்காது. இந்த நிலையில் வீட்டில் வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை.

மூன்றாவது, சோர்வும் தவிப்பும். இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் ஒரே காரணம்தான், மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. சில பிள்ளைகள் கூப்பிட்டால் மட்டும் கண்ணைத் திறந்து மறுபடி சுருண்டுவிடும், சிலது ஓரிடத்தில் இருக்காமல் புரண்டு புரண்டு எரிச்சலாக அழும். பெரியவர்கள் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்பார்கள், பாத்ரூமில் மயங்கி விழுவார்கள்.

ரத்தக்கசிவு எல்லோருக்கும் தெரிந்தது: ஈறு, மூக்கு, கறுப்பாகத் தார் போல மலம், காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, பெண்களுக்கு நாளில்லாத நாளில் மாதவிடாய் அல்லது வழக்கத்தை விட அதிகப் போக்கு. கடைசியாகச் சொன்னதைக் கேட்காமல் யாரும் சொல்வதில்லை, 11, 12 வயதுப் பெண்பிள்ளைகளிடம் அம்மாதான் கேட்க வேண்டும். தோலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி மட்டும் இருந்தால் அதுவே அவசரம் ஆகாது, ஆனால் டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்குவதும் வயிறு உப்புவதும் நீர் ஏற்கெனவே கோத்துவிட்டதைக் காட்டுகிறது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், மறுநாள் காலை வரை பொறுக்காமல் ஆஸ்பத்திரி. இதற்கும் அடுத்த கட்டம் ஒன்று உண்டு, அதில் ஆட்டோ தேடிக்கொண்டு நிற்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும்: உடம்பு நடுவில் சூடாக இருந்தும் கையும் காலும் சில்லென்று ஈரமாக இருப்பது, நாடி வேகமாக ஆனால் மெலிதாக ஓடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகாதது, பேச்சு குழறுவது. வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். கையை நெஞ்சு உயரத்தில் வைத்து விரல் நகத்தை ஐந்து நொடி அழுத்தி விடுங்கள், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். அதற்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. உங்கள் விரலில் ஒரு முறை செய்து பார்த்துவிட்டு அவளுக்குச் செய்யுங்கள், வித்தியாசம் புரியும். இதில் சரியாக வந்ததாலேயே மற்ற அறிகுறிகளை ஒதுக்கிவிடக் கூடாது.

இப்போது பிளேட்லெட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் ஊரே அந்த எண்ணைப் பிடித்துத் தொங்குகிறது. வார்டில் அடிக்கடி நடப்பதைச் சேர்த்து இரண்டு பிள்ளைகளாகச் சொல்கிறேன். ஒரு பையன், ஆறாம் நாள், பிளேட்லெட் 38,000. வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள், மாமா ஒருவர் ரத்தம் கொடுக்க நான்கு பேரைத் திரட்டி வாசலில் நிற்க வைத்திருக்கிறார். பையனோ கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறான், காய்ச்சல் விட்டு ஒன்றரை நாள் ஆகிறது, பி.சி.வி. மூன்றாம் நாள் 37, இன்று 38, சிறுநீர் நன்றாகப் போகிறது. அவனுக்குக் கண்காணிப்பைத் தவிர எதுவும் செய்யவில்லை, இரண்டு நாளில் பிளேட்லெட் தானாக ஏறியது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்பிள்ளை, ஐந்தாம் நாள், பிளேட்லெட் 62,000. எண்ணைப் பார்த்தால் இவள் தேவலை. ஆனால் காலையில் காய்ச்சல் விட்டதிலிருந்து வயிற்று வலி, இரண்டு வாந்தி, காலையில் ஒரு முறை போனதோடு சரி, மத்தியானம் வரை சிறுநீர் இல்லை. மூன்றாம் நாள் பி.சி.வி. 36 இருந்தது, இன்று 44. எட்டுப் புள்ளி ஏறியிருக்கிறது, அதாவது 36ல் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். 20 சதவீதம் ஏறினாலே கணிசமாகக் கசிகிறது என்று பொருள். பிரஷர் 100/84. மேலே 100 இருக்கிறதே, சரிதானே என்று அப்பா கேட்டார். இங்கே பார்க்க வேண்டியது மேலேயும் கீழேயும் உள்ள எண்ணின் இடைவெளி, பொதுவாக அது 30, 40 என்று இருக்கும், இவளுக்கு 16. இருபதும் அதற்குக் கீழேயும் வந்தால் பிள்ளை ஷாக்கில், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலையில், இருக்கிறது. பேசிக்கொண்டுதான் இருந்தாள், பெயர் கேட்டால் சொன்னாள். டெங்கு ஷாக்கின் பொல்லாத்தனமே அதுதான், கடைசி வரை நினைவு தெளிவாக இருக்கும், மேல் பிரஷரும் தாங்கிப் பிடிக்கும், அது விழும்போது நேரம் கடந்திருக்கும். உடனே எடைக்குக் கணக்கிட்ட சலைன், மணிக்கொரு முறை பிரஷர், சில மணி நேரத்துக்கு ஒரு முறை பி.சி.வி. என்று போனதால் மறுநாள் எழுந்து உட்கார்ந்தாள். பிளேட்லெட் அவளுக்கு ஏற்றவே இல்லை.

2017ல் சிங்கப்பூர், மலேசியா ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வொன்றில், 20,000க்குக் கீழே போய் ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றிப் பார்த்தார்கள். ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. ஆக 1,12,000 என்பதற்காக அட்மிட் பண்ண வேண்டியதில்லை. நேற்று 1,80,000 இருந்து இன்று 1,12,000 என்று வேகமாக இறங்கி, கூடவே பி.சி.வி. ஏறுகிறது என்றால் அதற்கு அர்த்தம் வேறு. ரிப்போர்ட்டில் பி.சி.வி. அல்லது எச்.சி.டி. என்று ஒரு வரி இருக்கும், முந்தைய ரிப்போர்ட்டையும் எடுத்து வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள், ஒற்றை எண்ணால் பயனில்லை. முதல் மூன்று நாளுக்குள் எடுத்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதற்குத்தான்.

வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று முடிவானால், காய்ச்சல் விட்டு 48 மணி நேரம் ஆகும் வரை, உங்கள் கணக்கில் வெள்ளி வரை, இரவிலும் யாராவது பார்க்க வேண்டும். இரவில் ஓரிரு முறை எழுப்பி கையைத் தொட்டுப் பாருங்கள், பேச வையுங்கள். 32 கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றே முக்கால் லிட்டர் உள்ளே போக வேண்டும். வெறும் தண்ணீராக மட்டும் வேண்டாம், ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட கஞ்சி, இளநீர், மோர் என்று மாற்றி மாற்றி, ஒரேயடியாக டம்ளர் கணக்கில் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக. பீட்ரூட், மாதுளை ஜூஸ் இந்த நாட்களில் வேண்டாம், வாந்தி எடுத்தால் ரத்தமா ஜூஸா என்று எங்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நான்கைந்து மணிக்கொரு முறை சிறுநீர் போகிறாளா என்பதைத் தாளில் எழுதுங்கள், உடம்பில் நீர் போதுமா என்று வீட்டில் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். இவள் எடைக்கு 650 மாத்திரையில் பாதி, ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். காய்ச்சல் இல்லாதபோது கொடுக்கவே வேண்டாம். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் ஆசிட், ஆஸ்பிரின் நான்கும் கூடாது, வயிற்றில் ரத்தக்கசிவை இழுத்துவிடும். மெடிக்கலில் "காய்ச்சல் உடம்பு வலி செட்டு" என்று பேர் தெரியாமல் கட்டிக் கொடுப்பதில் இதில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். இடுப்பில் ஊசி போடச் சொல்லியும் கேட்காதீர்கள், பிளேட்லெட் குறைந்திருக்கும்போது சதைக்குள் ரத்தம் கட்டும். நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச்சாறு பற்றிக் கேட்பீர்கள். நிலவேம்பை அரசே கொடுத்திருக்கிறது, குடிப்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் இரண்டில் எதுவும் பிளாஸ்மா கசிவை நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை, வாந்தி எடுக்கிற பிள்ளையின் வாயில் கசப்பான சாறை ஊற்றினால் அடுத்த வாந்திதான் வரும்.

மேலே சொன்ன "வீட்டில் பார்க்கலாம்" என்பது எல்லோருக்கும் பொருந்தாது. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள், சர்க்கரை, சிறுநீரகம், இதய நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், உடல் பருமன் அதிகமுள்ள பிள்ளைகள், இவர்களுக்கு அறிகுறிக்குக் காத்திராமல் முதலிலேயே அட்மிஷன் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். தனியாக இருப்பவர்களும், ராத்திரி வண்டி கிடைக்காத ஊரில் இருப்பவர்களும் அப்படித்தான். கார்டு டெஸ்டில் டெங்கு இல்லை என்று வந்துவிட்டது என்பதையும் நம்பி இருக்க வேண்டாம். அதில் பார்க்கும் என்எஸ்1 என்ற வைரஸ் புரதம் முதல் ஐந்து நாளுக்குள்தான் நன்றாகக் காட்டும், அதிலும் தவறும். எச்சரிக்கை அறிகுறி இருந்தால் டெஸ்ட் என்ன சொன்னாலும் போக வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியில் போய் "காய்ச்சல்" என்று சொன்னால் நீளமான வரிசையில் நிற்க வைப்பார்கள். "டெங்கு, நான்காம் நாள், காலை இத்தனை மணிக்குக் காய்ச்சல் விட்டது, அதிலிருந்து சோர்வாக இருக்கிறாள், கடைசியாகச் சிறுநீர் இத்தனை மணிக்கு" என்று சொல்லிப் பாருங்கள், நர்ஸ் நேராகப் பிரஷர் பார்க்க அழைத்துப்போவார். பழைய ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்.

தேறும்போது எப்படித் தெரியும் என்றால், பசி வரும், சிறுநீர் வழக்கத்தை விட அதிகமாகப் போகும், உள்ளங்கையும் பாதமும் அரிக்கும், உடம்பு முழுக்கச் சிவந்து நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரியும். அரிப்பைப் பார்த்துப் பயந்து வருகிறவர்கள் அதிகம், உண்மையில் அது நல்ல சேதி. வெளியே கசிந்த நீர் மறுபடி குழாய்க்குள் திரும்புகிற நேரம் இது, அதனால் ஆஸ்பத்திரியில் டிரிப்பை நிறுத்தினால் "இன்னும் ரெண்டு பாட்டில் போடுங்க டாக்டர், தெம்பு வரும்" என்று கேட்காதீர்கள், அந்த அதிகப்படி நீர் நுரையீரலில் சேர்ந்து மூச்சுத் திணறும். காய்ச்சல் ஏழு நாள் தாண்டியும் விடவில்லை என்றால் டெங்கு என்ற பெயரோடு நின்றுவிடாமல் டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக்காய்ச்சலில் அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்னால் என்று எங்காவது சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த புண் இருக்கலாம், குளிப்பாட்டும்போது தேடிப் பாருங்கள்.